தடுப்பூசிக்குள் படிகாரமா? தாத்தா பாட்டிகளுக்கு ஒரு சிறு பாடம்

ரந்தாவ் வட்டாரத் தோட்டங்களில் இன்றும் பல வீடுகளில் மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட, பேரப்பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டுவருவது தாத்தா பாட்டிதான். ஊசி போடும் அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கும்போது சில கேள்விகள் மனத்தில் ஓடும். “ஊசியில் அலுமினியம் இருக்கிறதாமே?” “மாட்டு எலும்பும் பன்றித் தோலும் கலக்கிறார்களாமே?” “பாதரசம் போடுகிறார்களாமே?” கேட்டால் மிஸி கோபித்துக்கொள்வாரோ என்று நினைத்துப் பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். சிலர் பயத்தில் அடுத்த ஊசிக்கு வராமலே நின்றுவிடுகிறார்கள்.

இவை கேட்கக்கூடாத கேள்விகள் அல்ல. இந்த மூன்றும் சில தடுப்பூசிகளில் உண்மையாகவே இருக்கின்றன. அதை மறைக்க ஒன்றுமில்லை. ஒவ்வொரு பொருளைப் பற்றியும் மூன்று விஷயங்களைத் தெரிந்துகொண்டால் போதும். அதை ஏன் சேர்க்கிறார்கள்? எவ்வளவு சேர்க்கிறார்கள்? யாருக்கு அது ஆகாது? இந்தப் பாடத்தில் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. அலுமினியம்: நமக்குத் தெரிந்த படிகாரத்தின் கதை

படிகாரத்தை உங்களுக்கு நன்றாகத் தெரியும். கலங்கிய தண்ணீரில் படிகாரக் கட்டியைச் சுற்றிவிட்டால் சேறு அடியில் தங்கி, மேலே தெளிந்த நீர் நிற்கும். சவரம் செய்தபின் முடிதிருத்துபவர் முகத்தில் தேய்ப்பதும் அதுதான். படிகாரம் என்பது அலுமினியம் கலந்த ஓர் உப்பு.

1926ஆம் ஆண்டு லண்டனில் அலெக்சாண்டர் கிளெனி என்ற ஆய்வாளர் தொண்டை அடைப்பான் நோய்க்கான தடுப்பு மருந்தை மேம்படுத்த முயன்றுகொண்டிருந்தார். அந்த நோயின் நச்சை வீரியமிழக்கச் செய்து ஊசியாகப் போட்டால் உடலில் எதிர்ப்புச் சக்தி வரும். ஆனால் அது பலவீனமாகவே வந்தது. அவர் அந்த மருந்தில் படிகாரம் சேர்த்தார். கலங்கிய நீரில் சேறு தங்குவதுபோல, மருந்துச் சத்து படிகாரத்தோடு ஒட்டி அடியில் படிந்தது. அந்தப் படிவை எடுத்துக் கினிப் பன்றிகளுக்கு ஊசியாகப் போட்டபோது எதிர்ப்புச் சக்தி பலமடங்கு கூடியது.

காரணம் இதுதான். வெறும் மருந்து சீக்கிரம் கரைந்து போய்விடுகிறது. அலுமினிய உப்போடு ஒட்டிய மருந்து ஊசி போட்ட இடத்தில் சற்று நேரம் தங்குகிறது. அங்கே ஏதோ வந்திருக்கிறது என்று உடலின் காவல் அணுக்களையும் அது கூப்பிட்டுவிடுகிறது. இதனால் குறைந்த மருந்தும் குறைந்த ஊசிகளும் போதுமாகின்றன. இன்று படிகாரத்தையே போடுவதில்லை. அலுமினியம் ஹைட்ராக்சைடு, அலுமினியம் பாஸ்பேட் என்ற உப்புகளைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் யோசனை அதேதான்.

எவ்வளவு? நம் நாட்டில் 2020 முதல் குழந்தைக்கு 2, 3, 5 மாதங்களிலும், பிறகு 18 மாதத்திலும் 6-இன்-1 ஊசி போடப்படுகிறது. தொண்டை அடைப்பான், ரண ஜன்னி, கக்குவான் இருமல், போலியோ, ஹெப்படைட்டிஸ் பி, ஹிப் ஆகிய ஆறு நோய்களுக்கும் அது ஒரே ஊசி. இவ்வகை ஊசி ஒன்றில் இருக்கும் அலுமினியம் ஏறத்தாழ 0.6 முதல் 0.8 மில்லிகிராம். ஓர் அரிசி மணியின் எடை சுமார் 20 மில்லிகிராம். அந்த மணியை இருபத்தைந்து துண்டாக உடைத்தால் ஒரு துண்டு எவ்வளவோ, அவ்வளவுதான் ஓர் ஊசியில் இருப்பது. முதல் ஆறு மாதத்தில் போடும் எல்லா ஊசிகளையும் கூட்டினாலும் 5 மில்லிகிராமைத் தாண்டாது. அது கால் அரிசி மணி.

“தாய்ப்பாலில்கூட அலுமினியம் இருக்கிறதே, ஊசியில் இருந்தால் என்ன?” என்று சிலர் பதில் சொல்வார்கள். அந்தப் பதில் பாதிதான் சரி. மண், தண்ணீர், காய்கறி எல்லாவற்றிலும் அலுமினியம் உண்டு. பெரியவர்கள் தினமும் 7 முதல் 9 மில்லிகிராம் வரை சாப்பாட்டோடு விழுங்குகிறோம். அலுமினியச் சட்டியில் புளிக்குழம்போ ரசமோ வைத்தால் இன்னும் கொஞ்சம் சேரும். ஆனால் விழுங்கும் அலுமினியத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இரத்தத்தில் சேர்வதில்லை. மீதி மலத்தோடு போய்விடும். ஊசியில் போவது அப்படியல்ல. அது முழுவதும் கடைசியில் இரத்தத்துக்கு வரும். இரண்டையும் நேராக ஒப்பிடுவது சரியாகாது.

சரியான பதில் இது. ஊசியில் போன அலுமினியம் ஒரே நாளில் இரத்தத்தில் கலப்பதில்லை. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் துளித்துளியாகக் கரைந்து வருகிறது. வர வர, சிறுநீரகம் அதை எடுத்துச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. ஆகவே எந்த ஒரு நாளிலும் குழந்தையின் இரத்தத்தில் இருப்பது மிகச் சிறிய அளவே. இது கணக்கில் மட்டும் சொல்லப்பட்டதல்ல, ஆட்களிடமும் பார்க்கப்பட்டது. டென்மார்க்கில் 1997க்கும் 2018க்கும் இடையில் பிறந்த சுமார் 12 லட்சம் குழந்தைகளின் பதிவுகளை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். ஊசி வழியாக அதிக அலுமினியம் பெற்ற குழந்தைகளுக்கு ஆஸ்துமா, ஒவ்வாமை, ஆட்டிசம் உட்பட ஐம்பது நீடித்த நோய்களில் எதுவும் கூடுதலாக வந்திருக்கிறதா என்று தேடினார்கள். அப்படிக் கூடியதாகத் தெரியவில்லை. அந்த முடிவு 2025இல் வெளியானது.

யாருக்கு ஆகாது? அலுமினியம் உண்மையிலேயே மனிதருக்குத் தீங்கு செய்த காலம் ஒன்று உண்டு. 1970களில் டையலிசிஸ் செய்துகொண்ட சில நோயாளிகளுக்கு மூளையும் எலும்பும் பாதிக்கப்பட்டன. டையலிசிஸ் தண்ணீரில் இருந்த அலுமினியமும், அவர்கள் தினமும் விழுங்கிய அலுமினிய மருந்துகளும் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். வேலை செய்யாத சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியவில்லை. வாரத்துக்கு மூன்று முறை, ஆண்டுக்கணக்கில் அது சேர்ந்துகொண்டே போயிற்று. அதனால்தான் இன்று டையலிசிஸ் தண்ணீரைச் சுத்திகரித்துச் சோதிக்கிறார்கள்.

இதிலிருந்து உங்களுக்கு ஒரு பாடம் உண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் வயிற்றுப் புளிப்புக்கு மருந்துக் கடையில் கேட்காமல் மாத்திரை வாங்கிச் சாப்பிடக்கூடாது. அவற்றில் சிலவற்றில் அலுமினியம் நூற்றுக்கணக்கான மில்லிகிராம் கணக்கில் இருக்கும். ஆனால் தடுப்பூசி அப்படித் தினமும் போடுவதல்ல. டையலிசிஸ் நோயாளிகளுக்கே ஹெப்படைட்டிஸ் பி ஊசி போடச் சொல்கிறார்கள், அதில் அலுமினியம் இருந்தும்.

வீட்டில் நீங்கள் கண்ணால் பார்க்கக்கூடிய விளைவும் ஒன்று உண்டு. ஊசி போட்ட தொடையில் சிவந்து, சிறு கட்டிபோல் தட்டுப்படலாம். அலுமினிய உப்பு அங்கே தங்கி வேலை செய்வதன் அடையாளம் அது. பெரும்பாலும் சில நாளில் கரையும். சில குழந்தைகளுக்குப் பட்டாணி அளவில் வாரக்கணக்கில் இருக்கும். அபூர்வமாகச் சிலருக்கு அரிப்போடு மாதக்கணக்கில் நீடிப்பதும் உண்டு. பார்க்கக் கவலையாக இருந்தாலும் அது ஆபத்தல்ல. அதை அழுத்தித் தேய்க்க வேண்டாம். தைலமோ மஞ்சள் பற்றோ போட வேண்டாம். குளிர்ந்த துணியை வைத்து எடுத்தால் போதும். இரண்டு மூன்று நாள் கழித்தும் சிவப்பு பரவிக்கொண்டே போனாலோ, சீழ் வைத்தாலோ கிளினிக்கில் காட்டுங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தால், ஊசிக் காய்ச்சல்தான் என்று நீங்களே முடிவு செய்யாமல் கொண்டுவந்து காட்டுங்கள்.

2. ஜெலட்டின்: மனச்சாட்சியும் மருத்துவமும்

ஜெலட்டின் என்பது மாடு அல்லது பன்றியின் எலும்பையும் தோலையும் நெடுநேரம் பதப்படுத்தி எடுக்கும் ஒருவகைப் புரதம். தட்டம்மை, சின்னம்மை போன்ற சில நோய்களுக்கு உயிருள்ள, ஆனால் பலவீனப்படுத்திய கிருமியையே தடுப்பூசியாகப் போடுகிறார்கள். அந்தக் கிருமியை உலரவைத்துத் தூளாக்கும்போது அது செத்துப்போகாமல் இருக்க ஒரு போர்வை வேண்டும். ஜெலட்டின் அந்தப் போர்வையாக இருக்கிறது.

எல்லாத் தடுப்பூசிகளிலும் இது இருப்பதில்லை. 6-இன்-1 ஊசிக்கு இது தேவையில்லை, ஏனென்றால் அதில் உயிருள்ள கிருமி இல்லை. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் ஊசியில்கூட ஒரு நிறுவனம் ஜெலட்டின் சேர்க்கும், இன்னொரு நிறுவனம் சேர்க்காது. ஆகவே பொதுவாகப் பேசுவதைவிட, “இன்று என் பேரனுக்குப் போடும் ஊசியில் ஜெலட்டின் இருக்கிறதா?” என்று கேட்பதே பயனுள்ளது. பெட்டிக்குள் இருக்கும் தாளில் அது எழுதப்பட்டிருக்கும். கிளினிக் ஊழியர் பார்த்துச் சொல்வார்.

மதத்தைப் பற்றிய கவலை மருத்துவம் பதில் சொல்லும் கேள்வி அல்ல. ஆனால் மற்றவர்கள் எப்படி யோசித்தார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளலாம். 2018 ஆகஸ்டில் இந்தோனேசியாவின் உலமா மன்றம் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசியைப் பற்றி ஆராய்ந்தது. அதன் தயாரிப்பில் பன்றியிலிருந்து வந்த பொருள் இருக்கிறது என்பதை அது மறுக்கவில்லை. இருந்தாலும் மாற்று ஊசி இல்லாத நிலையில், குழந்தையின் உயிரைக் காக்க அதைப் பயன்படுத்தலாம் என்று தீர்ப்பளித்தது. மாட்டிறைச்சி உண்ணாத குடும்பத்தினரும் சைவ உணவுக்காரர்களும் தங்கள் மனச்சாட்சிப்படி யோசிக்க வேண்டியதுதான். அப்படி யோசிக்கும்போது இரண்டு விஷயங்களை எடையில் வையுங்கள். ஊசியில் இருப்பது சாப்பிடும் இறைச்சி அல்ல, சில மில்லிகிராம் புரதம். தட்டம்மையோ காற்றில் பரவும், ஒரு வீட்டுக்கு வந்தால் தடுப்பூசி போடாத பிள்ளையை விட்டுவைப்பது அபூர்வம். மனம் ஒப்பவே இல்லையென்றால், ஊசியையே கைவிட வேண்டியதில்லை. ஜெலட்டின் இல்லாத வேறு நிறுவனத்தின் ஊசி கிடைக்குமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

மருத்துவ முறையில் ஜெலட்டினில் உண்மையான ஆபத்து ஒன்று இருக்கிறது. அது ஒவ்வாமை. 1990களில் ஜப்பானில் தட்டம்மை ஊசி போட்ட சில குழந்தைகளுக்குச் சில நிமிடங்களில் உடலெங்கும் தடிப்பும் மூச்சுத்திணறலும் வந்தன. முதலில் எல்லோரும் முட்டை ஒவ்வாமை என்றுதான் சந்தேகப்பட்டார்கள். சோதித்தபோது அந்தக் குழந்தைகளில் பலருக்கு ஜெலட்டினுக்கு எதிரான ஒவ்வாமை இரத்தத்தில் இருந்தது. அது எப்படி வந்தது என்று தேடியபோது இன்னொன்று தெரிந்தது. அங்கே அதற்கு முன்பே போடப்பட்ட கக்குவான் கலந்த ஊசியிலும் ஜெலட்டின் இருந்தது. முதல் ஊசி உடலைப் பழக்கிவிட்டது, அடுத்த ஊசியில் உடல் சீறியது. தயாரிப்பாளர்கள் ஜெலட்டினை எடுத்துவிட்டார்கள் அல்லது மாற்றினார்கள். அதன்பின் அந்தச் சம்பவங்கள் ஏறத்தாழ நின்றுபோயின. குறை எங்கே என்று தேடி, கண்டுபிடித்து, திருத்திய கதை இது.

இன்று எந்தத் தடுப்பூசியானாலும் இப்படிப்பட்ட கடும் ஒவ்வாமை பத்து லட்சம் ஊசிக்கு ஒன்று அல்லது இரண்டு என்ற அளவில்தான் வருகிறது. ஆனால் ஜெலட்டின் ஆகாது என்று ஏற்கெனவே தெரிந்த ஒருவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அமெரிக்காவில் 17 வயதுப் பெண் ஒருத்திக்குத் தட்டம்மை ஊசி போட்டதும் மயக்கமும் தடிப்பும் வந்தன. பிறகுதான் அவள் சொன்னாள், ஜெல்லி சாப்பிட்டாலும் இப்படித்தான் ஆகும் என்று. அதை முன்பே யாராவது கேட்டிருந்தால் அந்த ஆபத்தே நேர்ந்திருக்காது.

ஆகவே உங்கள் பேரப்பிள்ளை ஜெல்லி மிட்டாய், மார்ஷ்மெல்லோ சாப்பிட்டு உடனே உதடு வீங்கியிருக்கிறதா, உடம்பெங்கும் தடித்திருக்கிறதா என்று நினைத்துப் பாருங்கள். அப்படி இருந்தால் ஊசிக்கு முன் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் தீபாவளிக்கு நாம் செய்யும் அகர் அகர் இதில் சேராது. அது கடற்பாசியிலிருந்து வருவது, அதில் ஜெலட்டின் இல்லை.

ஊசி போட்டபின் அரை மணி நேரம் உட்காரச் சொல்வதும் இதற்காகத்தான். கடும் ஒவ்வாமை பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் தலைகாட்டிவிடும். கிளினிக்கில் அதற்கு அட்ரினலின் ஊசி தயாராக இருக்கும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பத்து நிமிடத்தில் கிளம்பிவிடாதீர்கள்.

3. கெடாமல் காக்கும் மருந்து: ஒரு புட்டியின் பாடம்

1902ஆம் ஆண்டு அக்டோபர் கடைசியில், அன்றைய இந்தியாவின் பஞ்சாபில் முல்கோவால் என்ற கிராமத்தில் பிளேக் தடுப்பூசி போட்டார்கள். அந்த ஊசியைப் பம்பாயில் கண்டுபிடித்துத் தயாரித்தவர் ஹாஃப்கின் என்ற விஞ்ஞானி. அன்று 107 பேருக்கு ஐந்து புட்டிகளிலிருந்து ஊசி போடப்பட்டது. நான்கு புட்டிகளிலிருந்து போட்டுக்கொண்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரே ஒரு புட்டியிலிருந்து போட்டுக்கொண்ட 19 பேரும் சில நாட்களில் ரண ஜன்னி வந்து இறந்தார்கள்.

விசாரணை நடந்தது. ஊசி மருந்து கெடாமல் இருக்க முன்பெல்லாம் கார்பாலிக் அமிலம் சேர்ப்பது வழக்கம். வேகமாக நிறையத் தயாரிக்க வேண்டியிருந்ததால் ஹாஃப்கின் அதை விட்டுவிட்டு, சூட்டினால் மட்டும் கிருமி நீக்கும் முறைக்கு மாறியிருந்தார். அதனால் பழி அவர்மேல் விழுந்து, வேலையும் போயிற்று. பிற்பாடு உண்மை வெளிவந்தது. பம்பாயிலிருந்து புட்டி சுத்தமாகவே வந்திருக்கிறது. கிராமத்தில் அதைத் திறக்கும்போது உதவியாளரின் இடுக்கி மண்ணில் விழுந்தது. அதைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் புட்டியின் தக்கையை எடுத்தார்கள். 1907இல் ஹாஃப்கின்மேல் இருந்த பழி நீங்கியது.

ஒரு புட்டியிலிருந்து பலருக்குப் போடும்போது ஆபத்து எங்கே இருக்கிறது என்பதை இந்தக் கதை காட்டுகிறது. தொழிற்சாலை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், மூடியைத் திறந்தபின் ஒவ்வொரு முறை ஊசி உள்ளே போகும்போதும் கிருமி நுழையலாம். 1928இல் ஆஸ்திரேலியாவின் பண்டபெர்க் நகரில் இதுவே மீண்டும் நடந்தது. கெடாமல் காக்கும் மருந்து சேர்க்காத ஒரு புட்டியைப் பல நாட்கள் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். கடைசியாக ஊசி போட்ட 21 குழந்தைகளில் 12 பேர் இறந்தார்கள். அதன்பிறகுதான் பலருக்குப் போடும் புட்டிகளில் அந்த மருந்து இருக்க வேண்டும் என்பது உறுதியாயிற்று.

அந்த வகையில் சேர்ப்பதில் ஒன்று தைமரோசல். மக்கள் பயப்படும் பாதரசம் இதில்தான் இருக்கிறது. தைமரோசல் சேர்த்த புட்டியிலிருந்து ஒருவருக்குப் போடும் ஓர் ஊசியில் சாதாரணமாக 25 மைக்ரோகிராம் பாதரசம் இருக்கும். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பாதரசத்திலும் வகைகள் உண்டு. சுறா போன்ற பெரிய மீன்களில் சேர்வது மெத்தில் பாதரசம். அது உடலில் பாதியாகக் குறையவே ஒன்றரை மாதம் ஆகும், அதனால் சேர்ந்துகொண்டே போகும். தைமரோசலில் இருப்பது எத்தில் பாதரசம். அது ஒரு வாரத்துக்குள் பாதியாகக் குறைந்து, மலத்தோடு வெளியேறிவிடும்.

இருந்தாலும் 1999இல் அமெரிக்கா, சந்தேகத்துக்கே இடம் வேண்டாம் என்று குழந்தைகள் ஊசியிலிருந்து அதை எடுக்க முடிவு செய்தது. 2001க்குள் ஏறத்தாழ எல்லாவற்றிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். டென்மார்க் 1992லேயே நிறுத்தியிருந்தது. ஆட்டிசத்துக்கு அதுதான் காரணம் என்றால், எடுத்தபின் ஆட்டிசம் குறைந்திருக்க வேண்டும். இரண்டு நாடுகளிலும் குறையவில்லை, கண்டுபிடிக்கப்படும் எண்ணிக்கை தொடர்ந்து கூடியது. காரணம் அதுவல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை கிடைப்பது கடினம்.

உங்கள் பேரப்பிள்ளைக்குப் போடும் 6-இன்-1 ஊசி, ஒரு குழந்தைக்கு ஒரு குப்பி என்று தனித்தனியாக வருகிறது. அதை இன்னொருவருக்குப் போடுவதில்லை. அதனால் தைமரோசல் அதில் தேவைப்படுவதில்லை. தட்டம்மை ஊசியில் இருப்பது உயிருள்ள கிருமி. கெடாமல் காக்கும் மருந்தைச் சேர்த்தால் அந்தக் கிருமியே செத்துவிடும், ஆகவே அதிலும் சேர்ப்பதில்லை. அதனால்தான் கலக்கிய தட்டம்மை மருந்தை ஆறு மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட்டு, மீதியை எறிந்துவிட வேண்டும் என்பது விதி. மிஸி பாதி மருந்தைக் குப்பையில் போடுவதைப் பார்த்தால் வீணாக்குகிறார் என்று நினைக்காதீர்கள். உங்கள் பிள்ளையைப் பாதுகாக்கிறார்.

உங்களுக்கே நிமோனியா தடுப்பூசி போடச் சொல்லியிருந்தால், அதில் 23 வகைக் கிருமிகளுக்கான ஊசியில் ஃபீனால் என்ற மருந்து மிகச் சிறு அளவில் இருக்கும். ஃபீனால் என்பது ஹாஃப்கின் கைவிட்ட அந்தக் கார்பாலிக் அமிலமேதான்.

கிளினிக்குக்கு வரும்போது

பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தைக் கொண்டுவாருங்கள். முந்தைய ஊசிக்குப் பிறகு தடிப்பு, மூச்சுத்திணறல், மயக்கம் வந்திருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள். ஜெல்லி மிட்டாய் ஒத்துக்கொள்ளாவிட்டால் சொல்லுங்கள். பிள்ளைக்குச் சிறுநீரகக் கோளாறு இருந்தால், அல்லது குறைமாதத்தில் பிறந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அது ஊசியை நிறுத்துவதற்காக அல்ல, டாக்டர் தெரிந்துகொள்வதற்காக. ஊசியில் என்ன இருக்கிறது என்று பார்க்க விரும்பினால் பெட்டித் தாளைக் கேளுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் வாசித்து விளக்கச் சொல்லுங்கள்.

ஊசியைத் தள்ளிப்போடுவதற்கும் ஒரு விலை உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். 2016இல் நம் நாட்டில் தொண்டை அடைப்பான் மீண்டும் தலைதூக்கிக் குழந்தைகள் இறந்தார்கள். 2019 டிசம்பரில், 27 ஆண்டுகளுக்குப் பிறகு, சபாவின் துவாரானில் மூன்று மாதக் குழந்தை ஒன்றுக்குப் போலியோ வந்தது. அலுமினியத்தைப் பற்றியோ ஜெலட்டினைப் பற்றியோ சந்தேகம் இருந்தால் ஊசி நாளுக்கு முன்பே வந்து கேளுங்கள். பதில் தெரிந்துகொண்டு, குறித்த நாளிலேயே ஊசியைப் போட்டுவிடலாம்.